ரெசின் பிரிண்ட்டுக்கு மாடலைக் குடைவது எப்படி: ஓட்டை எங்கே, சாய்வு எவ்வளவு

ராத்திரி பிரிண்ட் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும், பக்கத்து அறையிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ‘டப்’. காலையில் மூடியைத் திறந்தால் பிளேட்டில் ஆந்தையின் கீழ்ப்பாதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுப் பக்கச் சுவர் பிய்ந்து, தொட்டியின் அடியில் ஃபிலிமோடு ஒட்டிக் கிடந்தது. குடைந்திருந்தேன், ஓட்டையும் போட்டிருந்தேன். போட்ட இடம்தான் தப்பு.

அடுத்த முறை பிரிண்ட் முழுசாக வந்தது. கழுவி, காயவைத்து, புற ஊதா விளக்கில் கடினமாக்கி அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கழுத்தோரம் ஒரு விரிசல், அதிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ கசிந்து பலகையில் ஒட்டியிருந்தது. இந்த முறை ஓட்டை சரியான இடத்தில்தான் இருந்தது, ஆனால் ஒன்றே ஒன்று.

அந்த ஆந்தையையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய முட்டை வடிவம், உயரம் 80 மி.மீ., அகலமான இடத்தில் 50 மி.மீ., தட்டையான அடிப்பாகம் 25 மி.மீ. முகமும் நெஞ்சுச் சிறகுகளும் நுணுக்கமானவை, முதுகு ஏறக்குறைய வழவழப்பு. உங்களிடம் இருப்பது வேறு உருவமாக இருக்கலாம். ஆனாலும் வேலையின் வரிசை இதுதான்: அளவு, சாய்வு, குடைதல், ஓட்டை, சப்போர்ட். பலரும் குடைவதில் தொடங்குகிறார்கள். ஓட்டை எங்கே வர வேண்டும் என்பதைச் சாய்வுதான் தீர்மானிக்கிறது. அதனால் சாய்வை முடிவு செய்யாமல் போடும் ஓட்டை குருட்டாம்போக்குதான்.

1. முதலில் கிண்ணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு டம்ளரை பக்கெட் தண்ணீருக்குள் முழுசாக அமுக்கி, உள்ளேயே கவிழ்த்து, மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். விளிம்பு தண்ணீரைவிட்டு வெளியே வரும்வரை டம்ளருக்குள் தண்ணீர் நின்றுகொண்டே வரும், கையும் கனக்கும். அதே டம்ளரின் அடியில் ஒரு ஓட்டை இருந்தால் காற்று உள்ளே புகுந்து தண்ணீர் தானாக இறங்கிவிடும்.

ரெசின் பிரிண்டரில் நடப்பதும் இதுதான். மாடல் தலைகீழாகப் பிளேட்டில் தொங்குகிறது. ஒவ்வொரு லேயரும் கெட்டியானதும் பிளேட் மேலே எழும்பி, அந்த லேயரை ஃபிலிமிலிருந்து உரிக்கிறது. குடைந்த மாடலின் லேயர் என்பது ஒரு மூடிய வளையம். வளையத்தின் வாய் ஃபிலிமில் படிந்திருக்க, மேல்பக்கம் காற்றுக்கோ ரெசினுக்கோ வழி இல்லையென்றால் அது கவிழ்த்த டம்ளர்.

அதன் இழுவை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால்தான் ‘டப்’ சத்தத்தின் காரணம் புரியும். என் ஆந்தையைக் குடையாமல் பிரிண்ட் செய்தால், அகலமான லேயரின் பரப்பு சுமார் 19.6 ச.செ.மீ. 2 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்தால் வளையத்தின் பரப்பு சுமார் 3 ச.செ.மீ.தான். ஃபிலிமில் ஒட்டும் பரப்பு ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வளையத்துக்குள்ளே இருக்கும் வெற்றுப் பரப்பு 16.6 ச.செ.மீ. காற்றழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை. உள்ளே முழு வெற்றிடம் உருவானால் 17 கிலோ எடை தொங்கவிட்டதற்குச் சமம். நடைமுறையில் அவ்வளவு போகாது, நடுவிலேயே ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்துவிடும். அந்த ஏதாவது ஒன்று 2 மி.மீ. சுவராக இருக்கலாம், சப்போர்ட்டாக இருக்கலாம், ஃபிலிமாகவும் இருக்கலாம்.

அதனால் வழி இல்லாமல் குடைவதைவிடக் குடையாமல் விடுவதே மேல்.

2. திரையில் மேல், கீழ் எது என்று தெளிவாகுங்கள்

மாடலை லேயர்களாக வெட்டித் தரும் ஸ்லைசர் மென்பொருளின் திரையில் மாடல் நேராக நிற்கும், பிளேட் அதன் காலடியில் இருக்கும். பிரிண்டரில் அதே பிளேட் மேலே இருக்கும். இந்தக் குழப்பத்தில்தான் முதல் ஓட்டைகள் எல்லாம் தவறான இடத்துக்குப் போகின்றன. இனி நான் சொல்லும் ‘கீழே’, ‘மேலே’ எல்லாம் திரைக் கணக்கு. திரையில் கீழே என்றால் பிளேட் பக்கம், முதலில் பிரிண்ட் ஆகும் பக்கம். திரையில் மேலே என்றால் கடைசியில் பிரிண்ட் ஆகும் பக்கம்.

டம்ளர் உதாரணத்தை இதோடு சேர்த்தால் விதி கிடைத்துவிடுகிறது: மூச்சுவிடும் ஓட்டை, உட்குழியின் திரைக் கீழ்க்கோடியில் இருக்க வேண்டும். குழி தொடங்கும் லேயரிலேயே ஓட்டையும் இருந்துவிட்டால் மாடல் ஒருபோதும் கிண்ணமாகாது. ஓட்டை ரெசினுக்குள் மூழ்கியிருக்கும்வரை அதன் வழியே ரெசின் போய்வரும். பிரிண்ட் உயர்ந்து ஓட்டை ரெசின் மட்டத்துக்கு வெளியே வந்ததும் காற்று போய்வரும்.

3. அளவை முடிவு செய்து, பிறகு சாயுங்கள்

மாடலைச் சிறிதாக்குவது பெரிதாக்குவது எல்லாவற்றையும் குடைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 2 மி.மீ. சுவரோடு குடைந்த கோப்பைப் பாதி அளவுக்குச் சுருக்கினால் சுவரும் 1 மி.மீ. ஆகிவிடும், 3 மி.மீ. ஓட்டை 1.5 ஆகிவிடும். இணையத்தில் ஏற்கெனவே குடைந்து கிடைக்கும் கோப்புகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

அடுத்து சாய்வு. சப்போர்ட் எப்போதும் திரையில் கீழ்நோக்கிய பரப்புகளில்தான் முட்டும், தழும்பும் அங்கேதான் விழும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாடலில் எந்தப் பக்கம் கெட்டாலும் பரவாயில்லை? என் ஆந்தைக்கு முதுகும் அடிப்பாகமும். எனவே முகம் வானத்தைப் பார்க்கும்படி பின்பக்கமாக 30 பாகை சாய்த்தேன். முதுகு கீழ்நோக்கித் திரும்பியது, முகமும் நெஞ்சும் மேல்நோக்கின. 30 முதல் 45 பாகை வரை எதுவும் சரிதான். அதற்குமேல் சாய்த்தால் முதுகு முழுக்கச் சப்போர்ட் காடாகிவிடும்.

நேராக நிறுத்தினால் என்ன? தட்டையான அடிப்பாகத்தைப் பிளேட்டிலேயே பதித்தால் சப்போர்ட்டே வேண்டாமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஓட்டையை அடிப்பாகத்தின் நடுவில் போட்டிருந்தேன். அடிப்பாகம் பிளேட்டில் அப்பிக்கொண்டதும் பிளேட்டே அந்த ஓட்டைக்கு மூடியாகிவிட்டது. ஸ்லைசரில் பார்த்தால் ஓட்டை கண்ணெதிரே இருக்கிறது, பிரிண்டரில் அது இல்லை. சுவர் பிய்ந்ததும் வயிறு அகலமாகும் இடத்தில்தான், அதாவது வெற்றுப் பரப்பு உச்சத்தை எட்டும் இடத்தில். அடியே இல்லாமல் குடைந்த மாடலைப் பிளேட்டில் பதித்தாலும் இதே கதிதான். கட்டாயம் பிளேட்டில் பதித்தே ஆக வேண்டுமென்றால் ஓட்டையைப் பக்கச் சுவரில், குழியின் தரைமட்டத்தை ஒட்டிப் போடுங்கள்.

சாய்த்தால் நேரம் கூடும் என்று ஒரு பயம் உண்டு. ரெசின் பிரிண்டரில் நேரத்தைத் தீர்மானிப்பது உயரம் மட்டும்தான், குடைந்ததா குடையாததா என்பது கணக்கிலேயே வராது. இந்த ஆந்தை 30 பாகை சாய்ந்தபோது உயரம் 75 மி.மீ. அளவுக்கு இறங்கியது. சப்போர்ட்டுக்காக 5 மி.மீ. தூக்கியதும் மறுபடி 80. லேயருக்கு 0.05 மி.மீ. என்றால் 1,600 லேயர். எக்ஸ்போஷர் 2.5 நொடி, ஏறி இறங்க 8 நொடி என்று வைத்தால் நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நேராக நிறுத்தினாலும் அதேதான். குட்டையான, அகலமான மாடல்களில்தான் சாய்வு நேரத்தைக் கூட்டும்.

4. குடையுங்கள்

இந்த அளவு மாடலுக்குச் சுவர் 2 மி.மீ. போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன உருவத்துக்கு 1.5 வரை இறங்கலாம், 15 செ.மீ. தாண்டினால் 2.5 அல்லது 3 வையுங்கள். உள்ளே நிரப்பும் வலைப்பின்னல் எதுவும் வேண்டாம். அதன் மூலைமுடுக்குகளில் தங்கும் ரெசினைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

மிச்சமாகும் ரெசினைப் பாருங்கள். குடையாத ஆந்தை சுமார் 105 மில்லி, குடைந்தது 21 மில்லி. சுவரை 2.5 ஆக்கினால் 25 மில்லி. நாலு மில்லிக்காக யோசித்துச் சுவரை மெலிதாக்காதீர்கள்.

குடைந்து முடித்ததும் ஸ்லைசரில் மாடலை வெட்டிப் பாருங்கள். காது, கால்விரல் போன்ற ஒல்லியான பாகங்கள் பெரும்பாலும் குடைபடாமல் அப்படியே இருக்கும், அது நல்லது. ஆபத்து நடுத்தரப் பாகங்களில். தலை தனிக் குழியாகவும் உடல் தனிக் குழியாகவும் பிரிந்து, நடுவில் கழுத்து அடைபட்டிருக்கலாம். உடலில் போடும் ஓட்டைக்கும் தலையின் குழிக்கும் சம்பந்தமே இருக்காது. தனித்தனிக் குழி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டை வேண்டும். இல்லையென்றால் சின்னக் குழியைக் குடையாமல் நிரப்பிவிடுங்கள், அதுவே எளிது.

5. ஓட்டை: எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது

சாய்ந்த ஆந்தையின் உட்குழியில் திரைக் கணக்குப்படி கீழ்க்கோடி, அடிப்பாகத்தின் பின்விளிம்பை ஒட்டிய மூலை. முதல் ஓட்டை அங்கே. நடுவில் போட்டால் என்ன என்று கேட்கலாம். நடுவில் போட்டால் குழி தொடங்கிச் சில மி.மீ. உயர்ந்த பிறகுதான் ஓட்டை வரும். அதுவரை பல பத்து லேயர்களுக்கு அது கிண்ணம்தான். சின்னக் கிண்ணம், பிய்ந்துபோகாமல் தப்பிக்கலாம். ஆனால் வெளிப்புறத்தில் அந்த உயரத்தில் சுற்றிலும் ஒரு கோடு விழும். பிரிண்ட்டில் காரணம் தெரியாத கிடைக்கோடு வந்தால், அந்த உயரத்தில் ஒரு கிண்ணம் தொடங்குகிறதா அல்லது முடிகிறதா என்று பாருங்கள். பல நேரம் பதில் அங்கே இருக்கும்.

இரண்டாவது ஓட்டை அடிப்பாகத்தின் முன்விளிம்புப் பக்கம், முதல் ஓட்டையிலிருந்து முடிந்தவரை தள்ளி. இது கிண்ணத்துக்காக அல்ல, வடிப்பதற்காக. தலையின் உச்சி கடைசியில் மூடும்போது உள்ளே கொஞ்சம் ரெசின் சிக்கியே தீரும். பிரிண்ட்டைத் திருப்பிப் பிடித்தால் அது ஓட்டை வழியே வரவேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை குத்தி ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ‘களக் களக்’ என்று நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும். ஒன்று ரெசின் வெளியேற, ஒன்று காற்று உள்ளே போக. கழுத்தில் கசிந்த என் ஆந்தை இந்த இரண்டாவது ஓட்டை இல்லாததால் கெட்டதுதான்.

அளவு 3 மி.மீ. ரெசின் தண்ணீர் மாதிரி ஓடாது. 1 மி.மீ. ஓட்டையில் ஒரு படலமாகவே நின்று அடைத்துக்கொள்ளும், வேகமாகத் தூக்கும்போது ஓட்டை இருந்தும் இல்லாதது மாதிரிதான். சின்ன மாடலுக்கு 2 மி.மீ. வரை இறங்கலாம். ரெசின் கெட்டியானதாக இருந்தாலோ அறை குளிராக இருந்தாலோ 3.5 அல்லது 4 வையுங்கள். வெளியே தெரியும் ஓட்டை என்றால் வெட்டியெடுத்த துண்டையே தனி அடைப்பாக வைத்துக்கொள்ளும் வசதி பல ஸ்லைசர்களில் உண்டு. கழுவிக் காய்ந்த பிறகு ஒரு சொட்டு ரெசின் தடவி, அடைப்பைப் பொருத்தி, புற ஊதா டார்ச் அடித்தால் போதும். என் ஆந்தைக்கு இரண்டு ஓட்டையும் அடிப்பாகத்தில் மறைந்துவிட்டதால் அடைக்கவே இல்லை.

6. இப்போது சப்போர்ட்

ஓட்டைக்குப் பிறகுதான் சப்போர்ட். முன்பே போட்டுவிட்டால், ஓட்டை வரும் இடத்திலேயே ஒரு சப்போர்ட் நின்று அந்தரத்தில் முட்டிக்கொண்டிருக்கும்.

தழும்பைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைவிட முட்டும் முனையின் பருமன்தான் முக்கியம். பின்விளிம்பைச் சுற்றி, முதல் சில மி.மீ.யில், 0.5 மி.மீ. முனையுள்ள கனமான சப்போர்ட் ஆறேழு போட்டேன். ஆரம்ப லேயர்களின் இழுவையை முழுக்கத் தாங்குவது இவைதான். இங்கே கஞ்சம் பிடித்தால் மாடல் கழன்று தொட்டியில் விழும். முதுகில் மேலே போகப் போக 0.3 மி.மீ. முனைகள். முகத்தில் மூக்கின் கீழ்நுனி மட்டும் தனித் தீவு: அது தொடங்கும் லேயரில் உடலோடு ஒட்டாமல் அந்தரத்தில் ஒரு புள்ளியாகப் பிறக்கிறது. அதற்கு ஒரே ஒரு மெல்லிய சப்போர்ட் கையால் போட்டேன். தீவை மட்டும் சப்போர்ட் இல்லாமல் விடாதீர்கள். அது பிளேட்டுக்குப் போகாமல் ஃபிலிமில் ஒட்டிக் கிடக்கும்.

தானியங்கிச் சப்போர்ட் பொத்தானை அழுத்தினால் குழிக்குள்ளும் தூண்கள் முளைக்கும். இந்த முட்டை வடிவத்துக்கு அவை வேண்டாம், வளைந்த கூரை தன்னையே தாங்கிக்கொள்ளும். உட்கூரை தட்டையாக இருந்தால் மட்டும் சிலதை விட்டுவையுங்கள்.

7. பிரிண்டுக்கு அனுப்புமுன் பத்து நிமிடம்

ஸ்லைஸ் செய்தபின் லேயர் பட்டையைக் கீழிருந்து மெல்ல நகர்த்துங்கள். வெள்ளை என்பது கெட்டியாகும் இடம், கறுப்பு என்பது வெற்றிடம். வெள்ளை வளையம் ஒன்று முதன்முதலில் கறுப்பைச் சுற்றி மூடும் லேயரில் நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு, அதற்குக் கீழுள்ள லேயர்கள் வழியாக வெளிக்கறுப்போடு சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் அது மூச்சுவிடுகிறது. இல்லையென்றால் எத்தனை லேயருக்குப் பிறகு வளையத்தில் ஓட்டையின் இடைவெளி தெரிகிறது என்று எண்ணுங்கள். என் இரண்டாவது ஆந்தையில் வளையம் மூடுமுன்பே ஓட்டை இருந்தது.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் UVtools என்ற இலவச மென்பொருளில் ஸ்லைஸ் கோப்பைத் திறந்து சிக்கல்களைத் தேடச் சொல்லுங்கள். `Suction cups`, `Resin traps`, `Islands` மூன்றையும் லேயர் எண்ணோடு காட்டும். குடையாத இடத்திலும் கிண்ணம் வரலாம் என்பது இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. மேலங்கியின் உள்வளைவு, கவிழ்ந்த தொப்பி, அடியில் பள்ளமுள்ள பீடம் எல்லாமே சாய்வு சரியில்லாவிட்டால் கிண்ணம்தான்.

மூன்று கோப்புகளைத் தனித்தனியாகச் சேமியுங்கள்: குடையாத மூலக் கோப்பு, குடைந்து ஓட்டை போட்ட கோப்பு, சப்போர்ட்டோடு கூடிய ஸ்லைசர் கோப்பு. பிரிண்ட் தோற்றால் எந்தப் படியிலிருந்து திருத்துவது என்ற தேர்வு கையில் இருக்கும்.

8. வடித்து, கழுவி, எடை போடுங்கள்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளேட்டிலிருந்து எடுத்ததும் ஓட்டை கீழே வரும்படி தொட்டியின் மேலேயே பத்துப் பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில், அதாவது ஐ.பி.ஏ.வில் கழுவுங்கள். வெளியே கழுவினால் போதாது. ஒரு ஓட்டை வழியே சிரிஞ்சால் ஐ.பி.ஏ.வைப் பீய்ச்சி, மற்ற ஓட்டை வழியே வெளியேற்றுங்கள். வருவது நிறமின்றித் தெளியும்வரை மூன்று நான்கு முறை. அந்த நேரத்தில் அறையில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பிறகு ஓட்டை கீழே இருக்க ஒரு காகிதத் துண்டின் மேல் ஓர் இரவு நிறுத்திவையுங்கள். காலையில் காகிதத்தில் பிசுபிசுப்பான வட்டம் இருந்தால் திரும்பவும் கழுவ வேண்டும். வெளிப்புறத்தைக் கடினமாக்கும் விளக்கின் ஒளி குழிக்குள் சரியாகப் போய்ச் சேராது. அதனால் கம்பி முனையில் பொருத்திய சின்னப் புற ஊதா எல்.இ.டி.யை ஓட்டை வழியே நுழைத்துச் சில நிமிடம் உள்ளேயும் காட்டுங்கள். 3 மி.மீ. எல்.இ.டி.யை நுழைக்க 3 மி.மீ. ஓட்டை இறுக்கமாக இருக்கும், அந்த எண்ணம் இருந்தால் ஒரு ஓட்டையை மட்டும் 4 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கடினமாக்குவதற்கு முன்னால் ஒரு வேலை, இரண்டே நிமிடம். சப்போர்ட் கழற்றிய மாடலைச் சிறிய தராசில் வையுங்கள். ஸ்லைசர் மாடலுக்கு மட்டும் 21 மில்லி என்றால், கெட்டியான ரெசின் மில்லிக்கு 1.1 முதல் 1.2 கிராம் கணக்கில் 23 முதல் 25 கிராம் வரவேண்டும். என் மூன்றாவது ஆந்தை முதல் தடவை 29 காட்டியது. குலுக்கினால் சத்தமே இல்லை, காகிதமும் காய்ந்துதான் இருந்தது. தலையைத் தட்டி, மறுபடி சிரிஞ்சைப் பிடித்துப் பீய்ச்சியதும் உச்சியில் கூழாக ஒட்டியிருந்த ரெசின் கரைந்து வந்தது. காயவிட்டு மறுபடி வைத்தபோது 24.